இரண்டு நிமிட நன்றியுரையாளர்

நன்றியுரையாளர் என்பவர் ஜப்பானியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் படித்து முடித்து ஊர் திரும்பவிருக்கும் வெளிநாட்டு முதுநிலை மாணவர். பெரும்பாலும் மார்ச் மாதத்தில் தென்படுவார். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதே காரணம். செப்டம்பரில் பட்டம் பெறும் சிலர் அப்போதும் தென்படுவதுண்டு. மதுவும் உணவும் கிடைக்கும் இஸாகாயா என்னும் விடுதியில், இரண்டு மணி நேரத்துக்கு எடுத்த ஒரு நீண்ட மேசையின் கோடியில், கையில் ஊலாங் தேநீருடனும் முகத்தில் தேர்வறைக் களையுடனும் உட்கார்ந்திருப்பவரே அவர்.

இத்தனை ஆண்டு ஜப்பானில் இருந்தவருக்கு ஜப்பானிய மொழியில் இரண்டு நிமிடம் பேசுவது ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்ற கேள்வி எழும். விடை கல்வித் திட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு ‘குளோபல் 30’ என்ற திட்டத்தின்கீழ் 13 பல்கலைக்கழகங்களைத் தேர்ந்து, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் பட்டப்படிப்புகளைப் பெருக்கியது. அதன் பிறகு வந்த மாணவர் வகுப்பையும் கருத்தரங்கையும் ஆய்வேட்டையும் ஆங்கிலத்திலேயே முடித்துவிட முடிந்தது. ஜப்பானிய மொழி அவருக்குக் கடையில் பை வேண்டாம் என்று சொல்லவும், குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று கேட்கவும் போதுமானதாக இருந்தது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதியவர் நன்றியை மட்டும் ஜப்பானிய மொழியில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் ஏதும் கிடையாது. ஆனால் விருந்தை ஏற்பாடு செய்யும் இளைய மாணவர், அந்தப் பொறுப்புக்குக் கன்ஜி என்று பெயர், “ஒரு வார்த்தை பேசுங்கள்” என்று சொல்லும்போது அது எந்த மொழியில் என்பதை இருவருமே அறிவார்கள்.

தயாரிப்பு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கும். முதல் படியை மாணவர் தாமே எழுதுகிறார். அதில் பிழைகள் இருக்கும், ஆனால் ஆள் இருப்பார். இரண்டாம் படி, பல்கலைக்கழகம் அவருக்குத் துணையாக அமர்த்திய ஜப்பானிய மாணவரின் கைக்குப் போகிறது. அவர் நல்லவர். பிழைகள் அத்தனையையும் நீக்குகிறார், கூடவே ஆளையும் நீக்கிவிடுகிறார். திரும்பி வரும் உரை, முப்பது ஆண்டு பணியாற்றிய நிறுவனத் தலைவர் ஓய்வுபெறும்போது ஆற்ற வேண்டிய ஒன்று. மூன்றாம் படியில் மாணவர் அதைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் பெயர்த்துக்கொள்கிறார். பிலிப்பைன்ஸ் மாணவர் ரோமன் எழுத்தில் எழுதுவார், திருச்சி மாணவர் தமிழில் எழுதுவார்.

தமிழில் எழுதுபவருக்கு ஓர் ஆதாயமும் ஓர் ஆபத்தும் உண்டு. குறில் நெடில் வேறுபாடு ஜப்பானிய மொழிக்கு உயிர்நாடி. அது தமிழருக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டதால் அங்கே வழுக்குவதில்லை. வழுக்குவது ஒற்றில். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனித்து வரும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். அழுத்தம் வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். ஆகவே ‘வாருங்கள்’ என்ற பொருள்படும் கிதெ குதசய்யை, தகரம் மெலியக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ‘கித்தெ குதசய்’ என்று எழுதி வைக்கிறார். அதற்கு ‘வெட்டுங்கள்’ என்று பொருள். எல்லா நன்றியுரைகளும் “ஒருமுறை எங்கள் ஊருக்கு வாருங்கள்” என்று முடிவதால், இந்த வினைச்சொல்லைத் தவிர்க்கவும் வழியில்லை.

விருந்து தனக்கென ஒரு வரிசை உடையது. பேராசிரியர் சில சொற்கள் சொல்வார். எல்லோரும் குவளையைத் தூக்கிக் ‘கன்பாய்’ என்று சொல்லும்வரை ஒருவரும் ஒரு மிடறும் குடிக்கக் கூடாது. பிறகு அவித்த பச்சை சோயாக் காய்களும் பொரித்த கோழியும் வரும். நன்றியுரை வருவது கடைசிப் பகுதியில். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில் மற்றவர்கள் இறுக்கம் தளர்கிறார்கள். நன்றியுரையாளர் மட்டும் இறுகிக்கொண்டே போகிறார். பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்டாலும் ஆமாம் என்கிறார். மேசைக்கடியில் கைப்பேசி வெளிச்சம் விட்டு விட்டு எரியும். சோயாக் காயைத் தோலோடு மெல்லத் தொடங்கிவிட்டார் என்றால் அவருடைய முறை நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

எழுந்து நின்றதும் முதல் வாக்கியம் பிசகாது. தமக்காக இத்தகைய விருந்தை ஏற்பாடு செய்ததற்கு நன்றி என்ற அந்த வாக்கியம் குளியலறையில் பலமுறை சொல்லிப் பார்க்கப்பட்டது. அடுத்து வருவது பெயர் வரிசை: பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், செயலர், மூத்த மாணவர்கள், உடன் படித்தவர்கள், இளையவர்கள். இந்த வரிசையில் பேராசிரியரை மறப்பவர் எவருமில்லை. செயலரை மறப்பவர் உண்டு, அதுவே பெரும் பிழை. வட்ட அலுவலகத்தில் முகவரி பதிந்தது, பயணச் செலவுத் தொகையை வாங்கித் தந்தது, மாநாட்டுச் சாப்பாட்டில் இறைச்சி இல்லாத ஒரு டப்பாவுக்குச் சொல்லி வைத்தது எல்லாம் அவர். பேராசிரியர் மறந்தாலும் மன்னிப்பார். மற்றவர்கள் அனைவரும் செயலரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதைவிட நுட்பமான இடம் வினைமுற்று. ஜப்பானிய மொழியில் ஓர் உதவியைச் சொன்னால் அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதையும் வினையே சொல்லிவிட வேண்டும். பிறர் நமக்குச் செய்தால் ஒன்று, நாம் பிறருக்குச் செய்தால் வேறொன்று. இது தமிழுக்கு அந்நியமன்று. தன்மை முன்னிலையோடு தருதலும், படர்க்கையோடு கொடுத்தலும் பொருந்தும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆனால் இன்றைய தமிழ் மாணவர் இரண்டு பக்கமும் கொடுத்தே பழகியவர். பேராசிரியர் சொல்லிக் கொடுத்தார் என்பதை அப்படியே எடுத்து, ‘ஒஷியெதெ அகெமஷித’ என்று முடித்துவிடுகிறார். சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, நான் பெரிய மனது பண்ணிக் கற்றுக்கொடுத்தேன் என்று அது காதில் விழுகிறது. மேசையில் அரை நொடி அமைதி. பேராசிரியர் முதலில் சிரித்து, “ஆமாம், நிறையக் கற்றுக்கொண்டேன்” என்று தலைகுனிந்தால் நல்ல ஆய்வுக்கூடம் என்று கொள்ளலாம்.

காலப் பிழை, உருபுப் பிழை, உச்சரிப்புப் பிழை ஆகியவற்றை அவையினர் கேட்டும் கேளாதவர் போல் இருந்துவிடுவார்கள். நன்றி போகும் திசை மட்டும் மாறக் கூடாது. இதே காரணத்தால் புகழ்ச்சியும் ஆபத்தானது. “சென்செய் நன்றாகப் பாடம் நடத்துகிறார்” என்று மெச்சினால், மதிப்பெண் போடும் உரிமை மாணவர் கைக்கு வந்துவிட்டதாக ஆகிறது. நான் பெரிதும் கற்றேன் என்று தம் பக்கமாகத் திருப்பிச் சொல்வதே வழி.

நடுவழியில் மனப்பாடம் அறுபடுவதும் இந்த இனத்தின் இயல்பு. பொருளறிவியல் துறையில் முதுநிலை முடித்த ஒரு தமிழ் மாணவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இணைப் பேராசிரியர் வரை தங்குதடையின்றி வந்தவருக்கு உதவிப் பேராசிரியரிடம் உரை மறந்துபோகிறது. கைப்பேசித் திரை அணைந்திருக்கிறது, விரல் ஈரமாக இருப்பதால் திறக்க மறுக்கிறது. அவர் தமக்குக் கைவந்த கடைத்தெரு மொழிக்கு இறங்குகிறார். “இரவு. மின் நுண்ணோக்கி கெட்டது. சென்செய் வந்தார். பம்ப் சரி செய்தார். கடைசி ரயில் போனது. எனக்குப் பசி. சென்செய் கடைக்குப் போனார். சோற்று உருண்டை. நான் மீன் இல்லை. சென்செய் பின்னால் படித்தார். எல்லா உருண்டையும் பின்னால் படித்தார். மீன் இல்லாதது ஒன்று. நன்றி.”

இதில் மரியாதை விகுதி ஒன்றுகூட இல்லை. மாணவர் மீனே அல்லர் என்று ஒரு வாக்கியம் அறிவிக்கிறது. ஆனாலும் வரிசையும் திசையும் சரியாக இருக்கின்றன. புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டையிலும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும் என்பதால், பொதிகளைத் திருப்பித் திருப்பிச் சேர்மானம் படித்த மனிதரை அந்த மேசையில் எல்லோரும் உடனே கண்டுகொள்கிறார்கள். அதுவரை ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்த தலைகள் நின்று, “அப்படியா!” என்ற குரல் இரண்டு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. உரை காதில் ஏறியதா என்பதை அறிய இதுவே அடையாளம். சீரான தலையாட்டல் மரியாதைக்கு உரியது, உரைக்கு உரியதன்று. உதவிப் பேராசிரியரோ அதெல்லாம் ஒன்றுமில்லை என்று முகத்துக்கு முன்னால் கையை விசிறிக்கொள்கிறார்.

இப்படி ஓர் இடம் போதும். அதில் சுவை கண்டு பனிக்காலம், மிதிவண்டி, வாடகை வீடு என்று தொடரும் மாணவர்களும் உண்டு. அவர்கள் ஐந்தாம் நிமிடத்தைத் தாண்டும்போது கன்ஜி கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய கவலை இலக்கியம் அன்று. வேண்டிய அளவு குடிக்கும் கட்டணத்தில் கடைசிப் பானம் சொல்ல வேண்டிய நேரம், விருந்து முடிய அரை மணிக்கு முன்பே வந்துவிடும்.

ஊருக்கு அழைக்கும் இறுதி வாக்கியம் ‘வெட்டுங்கள்’ என்று வந்தாலும், சூழலால் பொருள் விளங்கிக் கைதட்டல் எழும். பூச்செண்டும், எல்லோரும் வட்டமாக வாழ்த்தெழுதிய ஷிகிஷி என்னும் கெட்டி அட்டையும் தரப்படும். ஏறத்தாழ 27க்கு 24 செ.மீ. அளவுள்ள அந்த அட்டையில், மூன்றாண்டும் அருகில் உட்கார்ந்து பேசாத ஒருவர் மிக நீளமாக எழுதியிருப்பார். பக்கத்தில் வருபவர்கள் “ஜப்பானிய மொழி பிரமாதம்” என்பார்கள். நன்றாகப் பேசுபவரிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதால் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு உரிய விடை ‘மத மத தெசு’, இன்னும் தேறவில்லை என்பது. அன்று மாலை முழுவதிலும் மாணவர் பிழையின்றிச் சொல்லும் இரண்டாவது வாக்கியம் அது. அதன்பின் எல்லோரும் எழுந்து, ஒரு குரலுக்கு ஒரே ஒரு முறை சேர்ந்து கைதட்ட, விருந்து முடிகிறது. பாட்டுக் கூடத்தில் நடக்கும் இரண்டாம் விருந்துக்கு உரை கிடையாது.