கல்யாண ஆடிட்டர்

எல்லாக் குடும்பத்திலும் ஓர் ஆடிட்டர் மாமா இருப்பார். முகூர்த்தத்துக்கு முன்பே வந்து, சந்தனக் கிண்ணத்துக்கும் கல்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் நின்றுகொள்வார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லோரிடமும் சர்க்கரை அளவு, மகள் படிப்பு, ஊரில் மழை என்று விசாரிப்பார். தொழில் மட்டும் வாயில் வராது.

அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டப்படி சுற்றறிக்கை அனுப்பியோ விளம்பரம் செய்தோ நேரில் பேசியோ ஆடிட்டர் வாடிக்கையாளர் பிடிக்கக் கூடாது. பந்தியில் அவராகக் கேட்டால் தப்பு, நாமாகக் கேட்டால் தப்பில்லை. அதனால் நம்மைக் கேட்க வைப்பதுதான் அவர் கலை.

அதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் இடம் மொய் மேஜை. மொய் எழுதுகிற பையனுக்குப் பின்னால் நின்று சும்மா நோட்டைப் பார்ப்பார். பெண்ணின் அப்பாவுக்கு வயிறு கலங்கும்.

"என்ன மச்சான், மொய்க்கெல்லாமா வரி?"

"சேச்சே! கல்யாணத்துல மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் வர்றதுக்கு வரியே கிடையாது." ஒரு மூச்சு விட இடம் கொடுத்துவிட்டு, "ஆமா, நோட்டுல மேல யார் பேரு போட்டிருக்கு?" என்பார்.

அப்பா பேர்தான் போட்டிருக்கும். நம் ஊரில் மொய் என்பது குடும்பத் தலைவர் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. வருமான வரிச் சட்டம் அந்தச் சம்பிரதாயத்தைக் கேள்விப்பட்டதில்லை. அது தரும் விலக்கு கல்யாணம் செய்துகொள்பவருக்கே, பெற்றவருக்கு இல்லை. தம்பி, மச்சினன் போன்ற நெருங்கிய உறவுகள் கொடுத்தால் தொல்லையில்லை. பங்காளிகளும் கடைத்தெரு நண்பர்களும் அப்பாவுக்கென்று கொடுத்தது வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் வரி.

இதில் பாதியைச் சொல்லும்போதே, "பாயசம் ஆறிடும், வாங்க" என்று நகர்ந்துவிடுவார். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் பெண்ணின் அப்பாவுக்குப் பாயசம் இறங்குமா? கை கழுவுகிற இடம் வரை பின்னாலேயே வந்து, "ஆபீஸ் இப்ப எங்க மச்சான்?" என்பார். "எல்லாம் பழைய இடந்தான்" என்று வாய் கொப்பளிப்பார் மாமா. விலாசம்கூடச் சொல்ல மாட்டார். கேட்டு வாங்கட்டும்!

புதிதாகப் பாஸான தம்பி ஒருவன் கெட்டிமேளம் கொட்டும்போது ஜிஎஸ்டி பேசுவான், சாம்பார்க் கையில் விசிட்டிங் கார்டைத் திணிப்பான். அந்தக் கார்டு இலையோடு மடிந்து போகும்.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, மாமாவுக்கும் ஒழியாது. வழக்கமாக ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாளான ஜூலை 31 அந்த மாதத்தில்தான் விழுகிறது. கோயில் கூழ் வார்ப்புக்கு அத்தையை மட்டும் அனுப்பிவைப்பார். "பாவம், நல்ல நாள்லகூட வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார்" என்று அத்தை பெருமைப்படுவாள். வரிசையில் பின்னால் நிற்கும் மூன்று பேர் அவளிடம் மாமாவின் நம்பரைக் கேட்பார்கள். அத்தைக்கு அது மனப்பாடம்.