வந்து வந்து என்ன வந்தது?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும், காப்புறுதியோ கல்விக் கடனோ, விளக்க வருகிறவர் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்தீங்கன்னா" என்று தொடங்குகிறார். நாமும் நல்ல பிள்ளைகளாகத் திரையைப் பார்க்கிறோம். அங்கே நிறுவனத்தின் சின்னம் மட்டும் இருக்கிறது. கணினி இன்னும் இணைக்கப்படவில்லை. இருந்தாலும் அடுத்த வாக்கியத்திலும் பார்க்கச் சொல்கிறார். இந்தச் சொல்லையாவது மன்னித்துவிடலாம். 'வந்து'வை என்ன செய்வது? "இந்த வருசம் வந்து, நம்ம கம்பெனி வந்து, பாத்தீங்கன்னா, லாபம் வந்து, எதிர்பார்த்த மாதிரி வந்து, வரல." பதின்மூன்று சொற்கள். நான்கு முறை வந்து, கடைசியில் வரவேயில்லை. பங்குதாரர் யாராவது நடுவில் எழுந்து போயிருந்தால் லாபம் வந்துவிட்டது என்று நம்பியே வீடு சேர்ந்திருப்பார். தலைவர் வந்து வரமாட்டார், சாப்பாடு வந்து இன்னும் வரல, போனவர் வந்து போயிட்டார்: ஒரு நாள் முழுக்க எழுதலாம், எழுதவும் ஆசைதான். 'பேசிக்கலி'யைப் பற்றியும் ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால், இதையெல்லாம் அடியோடு களையச் சொல்லும் பேச்சுப் பயிற்சிக்காரர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, பேசுகிறவர் எத்தனை 'ஆ', எத்தனை 'உம்' போட்டார் என்று எண்ணுவார். எண்ணுவது எளிது, எங்கே போட்டார் என்று குறிப்பதல்லவா வேலை. 2004-இல் ஜெனிஃபர் ஆர்னால்டும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். கேட்பவர் முன் திரையில் சில பொருள்கள். அவற்றில் ஒன்று பேச்சில் ஏற்கெனவே வந்தது, மற்றொன்று புதியது. பேசுகிறவர் பொருளின் பெயருக்கு முன் 'அ...' என்று இழுத்தபோது, கேட்பவரின் கண் புதிய பொருளை நோக்கிப் போனது. தெரிந்த பொருளுக்கு எவரும் தடுமாறமாட்டார், ஏதோ புதிதாக வருகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. 2011-இல் ஃப்ராண்டார்ஃப், வாட்சன் இருவரும் கதை சொல்லிக் கேட்கவைத்தார்கள். 'உம்' கலந்து சொன்ன கதையின் நிகழ்வுகள் நன்றாகவே நினைவில் நின்றன. அதே நீளத்துக்கு இருமலைச் செருகியபோது நினைவு கெட்டது. ஆகவே வெறும் தாமதம் உதவவில்லை, உதவியது அந்த 'உம்'தான்.

இவை ஆங்கிலச் சோதனைகள், நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழில் வினை கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரிய வாக்கியத்தின் வால்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குள் நான்கு 'வந்து' போட்டால், முதலில் சொன்ன எழுவாயே கேட்பவரின் கையிலிருந்து நழுவிவிடும். அதனால் நமக்கு இன்னும் சிக்கனம் தேவை. அதே லாபச் செய்தியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இந்த வருசம் நம்ம கம்பெனிக்கு லாபம் வந்து... பன்னிரண்டு விழுக்காடு குறைஞ்சிருக்கு." ஒரே ஒரு 'வந்து', எண்ணுக்குச் சற்று முன்னால். காது நிமிர்கிறது. எல்லாச் சொல்லுக்கு முன்னும் அதையே போட்டால் எதற்கும் நிமிராது, கடைசி வரிசையில் ஒருவர் எண்ணத் தொடங்கிவிடுவார். பேச்சு கேட்கவே வராத அவர்தான் அன்றைக்கு மிகக் கவனமான ரசிகர்.

பேசாமல் நிறுத்துவதே மேல் என்பார்கள். எழுதி வைத்துப் படிக்கும் உரைக்குச் சரி. கேள்வி நேரத்தில் இரண்டு நொடி வாயை மூடிப் பாருங்கள், பதில் முடிந்தது என்று நெறியாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொள்வார். அங்கே ஓர் 'அதாவது' வேலி போல நின்று இடத்தைக் காக்கும். 'எக்சுவலி' வேறு சாதி. நீங்கள் நினைத்தது தவறு என்று திருத்தும்போதுதான் அதற்கு வேலை. "எக்சுவலி என் பேரு..." என்றால், அழைப்பிதழில் அச்சான பெயரை நம்புவதா வேண்டாமா? "உங்களுக்கே தெரியும்" என்பதும் அவையினருக்குத் தெரிந்ததைச் சொல்லும்போது உறவு, தெரியாததைச் சொல்லும்போது அவமானம்.

'லா'வை மட்டும் யாரும் தொட வேண்டாம். மலாய்க்காரரிடம் வாங்கியது, மேடைக்கு ஆகாது என்று இலக்கணம் பேசுகிறவர்கள் தொல்காப்பிய இடையியலைத் திறக்கட்டும். மதி, மோ, சின் போன்றவை முன்னிலை அசைச்சொற்கள் என்று அங்கே இடம் பெற்றிருக்கின்றன. எதிரே இருப்பவரிடம் பேசும்போது ஒட்டிக்கொள்பவை, தமக்கென்று தனிப்பொருள் இல்லாதவை. சங்கப் புலவர் 'கேண்மதி' என்றார், கிள்ளான்காரர் 'கேளுலா' என்கிறார். கேள்வி நேரத்தில் ஒரு "இல்லலா" இறுக்கத்தைத் தளர்த்துவதுபோல் எந்த விளக்கப்படமும் தளர்த்தாது. வங்கிக் கடன் கேட்கும் மேசையில் மட்டும் அடக்கி வாசிக்கலாம்.

'பேசிக்கலி' வந்து... இடம் முடிந்துவிட்டது. விளக்கம் தர வருகிற அன்பர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: கணினியை இணைத்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள், பார்க்கிறோம்.