பம்பர் எத்தனை முறை கழன்றது?

முந்தாநாள் ஒர்க்ஷாப்பிலிருந்து எஸ்டிமேட் வந்தது. அதாவது, கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்து, அந்தக் காகிதத்தை மேஜையில் போட்டு, ஃபேன் காற்றில் ஓரம் மடியும் நேரமாகப் பார்த்து, செல்போனில் சாய்வாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். கீழே மொத்தத் தொகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ரேட் காலத்தின் மேல் யாரோ ஒருவரின் கட்டைவிரல். “பிடிஎஃப் அனுப்பக் கூடாதாப்பா?” என்று கேட்டால், “சிஸ்டம் ஹேங்க் சார்” என்று பதில். பிரிண்ட் எடுக்கும்வரை நன்றாக இருந்த சிஸ்டம்.

கூடவே அடிபட்ட பாகங்களின் போட்டோக்கள். இவை வந்துவிட்டால் நம் வீட்டில் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. உங்கள் வீட்டிலும் நடக்காது என்று எனக்குத் தெரியும். எஸ்டிமேட்டை என் போனிலும் போட்டோக்களை மனைவியின் போனிலும் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். சிக்னலில் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோ பின்னால் உருண்டு வந்து, என் காரின் இடது முன் மூலையில் உட்கார்ந்தது. இன்ஷூரன்ஸில் போடலாமே என்பீர்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் போடாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், ஒரு கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். ஜீரோ டெப் பாலிசியும் நான் எடுக்கவில்லை என்பதால், பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றுக்கும் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்கள். பம்பர், விளக்கு, பிராக்கெட் எல்லாமே பிளாஸ்டிக். ஆக, கைக்காசு. கைக்காசு என்றால் கண்பார்வை தானாகவே கூர்மையாகிவிடுகிறது.

முதலில் பிராக்கெட். பம்பரின் இரண்டு ஓரத்தையும் ஃபெண்டரோடு பிடித்துவைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு அது. எஸ்டிமேட்டில் எல்.எச். ஒன்று, ஆர்.எச். ஒன்று. அடி இடது பக்கம். “போட்டோல வலது பக்கம்தானே மாமா அடிபட்டிருக்கு?” என்றான் மச்சான். முன்னால் நின்று எடுத்த படத்தில் அப்படித்தான் தெரியும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் இடம் வலம் சொல்வார்கள் என்று அவனுக்கு விளக்கிவிட்டு, இரண்டு பிராக்கெட் படங்களையும் அருகருகே வைத்தேன். இரண்டிலும் ஒரே இடத்தில் உடைசல். இரண்டிலும் ஒரே வளைவில் சேற்றுக்கறை. பெரிதாக்கினால், பிளாஸ்டிக்கிலேயே வார்த்த ‘எல்’ இரண்டிலும் இருந்தது. ஒரே துண்டைத் திருப்பிப் போட்டு இரண்டு படம். சர்வீஸ் அட்வைசர் கொஞ்சமும் அசரவில்லை. “பையன் மாத்தி எடுத்துட்டான் சார், ஆர்.எச். தூக்கிடறேன்.”  

ஃபெண்டரில் கை வைத்தால் இன்னும் ஒன்று. ‘ஃபெண்டர் ரீப்ளேஸ்’ என்று ஒரு வரி, ‘ஃபெண்டர் டிங்கரிங்’ என்று இன்னொரு வரி, ‘ஃபெண்டர் பெயின்டிங்’ என்று மூன்றாவது. புது ஃபெண்டர் கறுப்புப் பூச்சோடுதான் வரும், அதற்குப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுசு போடுகிறவர் எந்த ஒடுக்கை எடுக்க டிங்கரிங் செய்கிறார்? போட்டோவைப் பார்த்தால் தகடு கிழியவில்லை, மடிப்பு ஓரம்வரை போகவில்லை, நடுவில் ஒரு குழி. இதைத் தட்டி எடுக்கலாம். தட்டினால் புதுசு வேண்டாம், புதுசு போட்டால் தட்ட வேண்டாம். இரண்டுக்கும் காசு கேட்பவர்களோடு நான் எப்படிப் பேசுவது?

இதெல்லாம் போகட்டும். என் தூக்கத்தைக் கெடுத்தது லேபர் காலம்.

‘பம்பர் ஆர் அண்ட் ஆர்’ 900 ரூபாய். ஆர் அண்ட் ஆர் என்றால் கழற்றி மாட்டுவது. சரி. அடுத்த வரி, ‘ஹெட்லேம்ப் ஆர் அண்ட் ஆர்’ 1,100. என் காரில் விளக்கைக் கழற்ற வேண்டுமானால் முதலில் பம்பரைக் கழற்ற வேண்டும், அதனால்தான் 1,100. அதற்கடுத்து ‘ஃபெண்டர் ஆர் அண்ட் ஆர்’ 1,500. ஃபெண்டரைக் கழற்ற வேண்டுமானால் பம்பரையும் விளக்கையும் கழற்ற வேண்டும். இப்போது இந்தக் காகிதத்தை நம்பி நாம் ஒர்க்ஷாப்புக்குள் போவோம். மெக்கானிக் வருகிறார். மேலே கிளிப்பை நெம்பி, சக்கர வளைவில் ஸ்குரூவை எடுத்து, ஃபாக் லைட் வயரைப் பிடுங்கி, பம்பரைக் கழற்றுகிறார். பம்பரை மாட்டுகிறார். டீ குடிக்கிறார். திரும்பி வந்து, விளக்கைக் கழற்றுவதற்காக, இப்போதுதான் மாட்டிய பம்பரைக் கழற்றுகிறார். விளக்கை எடுத்து, வைத்து, பம்பரை மாட்டுகிறார். சாப்பிடப் போகிறார். சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஃபெண்டர் ஞாபகம் வருகிறது. மறுபடி பம்பர், மறுபடி விளக்கு, அப்புறம் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஃபெண்டர் போல்ட். சாயந்திரத்துக்குள் பம்பர் மூன்று முறை கழன்று மூன்று முறை ஏறியிருக்கிறது. விளக்கு இரண்டு முறை. ஆட்டோ இடித்தபோதுகூட அந்தப் பம்பர் இவ்வளவு கஷ்டப்படவில்லை.

ரேட் அட்டையில் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு வேலைக்கும் அந்த ஒரு வேலைக்காக மட்டுமே கார் வந்ததாக நினைத்து நேரமும் கூலியும் எழுதியிருப்பார்கள். விளக்கை மட்டும் மாற்றப் போனால் 1,100 நியாயமான கூலிதான். ஒரே நாளில் மூன்றையும் செய்யும்போது பொதுவான வேலையைக் கழிக்க வேண்டும். பம்பர் இறங்கியபிறகு விளக்கு என்பது நாலைந்து ஸ்குரூவும் ஒரு சாக்கெட்டும்தான். பத்து நிமிஷ வேலை. கழிக்கிற பழக்கம் மட்டும் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டத் தெரிகிறது.

இதற்கு அத்தாட்சி அவர்கள் அனுப்பிய படத்திலேயே இருந்தது. உடைசலைக் காட்ட எடுத்த ஒரு படத்தில், என் கார் பம்பரும் இல்லாமல், இடது விளக்கும் இல்லாமல், ஃபெண்டர் போல்ட் பாதி கழன்று, வாயைப் பிளந்து நிற்கிறது. மூன்றும் ஒரே சமயத்தில் இறங்கியிருக்கிறது. அந்தப் படத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ‘பம்பர் ஒரு தடவைதானே கழன்றது?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மனைவி “இவ்வளவு நேரத்துல நீங்களே கழட்டி மாட்டியிருக்கலாம்” என்றாள். அதைக் காதில் வாங்கவில்லை.

பதிலாக ஒரு வாய்ஸ் மெசேஜ். “சார், நீங்க ரொம்ப டீப்பா போறீங்க.” ஆழமாகப் போகாவிட்டால் நாலாயிரம் ஐயாயிரம் போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. விளக்கின் கண்ணாடியில் கீறல்கூட இல்லை, பின்னால் ஒரு காது மட்டும்தான் உடைந்திருக்கிறது, அதைப் பிளாஸ்டிக் வெல்டிங் வைக்கிறவரிடம் கொடுத்தால் ஆகாதா என்றும் கேட்டிருந்தேன். “கேரண்டி குடுக்க முடியாது சார், நைட்ல ஆடும்.” இது நியாயமான பதில். விளக்குக்குச் சரி என்று சொன்னேன். நியாயத்துக்கு நான் கட்டுப்பட்டவன்.

நேற்று திருத்திய எஸ்டிமேட் வந்தது. மறுபடி போட்டோதான், மறுபடி கட்டைவிரல்தான். ஆர்.எச். பிராக்கெட் போயிருந்தது, டிங்கரிங் போயிருந்தது, பம்பர் ஒரே முறை கழன்றிருந்தது. கீழே 650 ரூபாயாக இருந்த ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ 1,900 ஆகியிருந்தது. கன்ஸ்யூமபிள்ஸ் என்றால் உப்புத்தாள், தின்னர், மாஸ்கிங் டேப், துடைக்கிற துணி. இதெல்லாம் பெயின்டிங் கூலியிலேயே அடங்கும் என்பது என் கட்சி. “இதுக்கு போட்டோ அனுப்புங்க பாக்கலாம்” என்றேன்.

அனுப்பிவிட்டார். மேஜைமேல் ஒரு மாஸ்கிங் டேப் உருளை, நல்ல வெளிச்சத்தில், நேராக, கட்டைவிரல் இல்லாமல். அதில் பாதி டேப் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. என் காருக்கு இன்னும் பெயின்ட் வேலையே ஆரம்பிக்கவில்லை.