நூற்றுக்கு நூறு

ரிச்சி தெருவில் கால் வைத்ததும் காதில் விழும் முதல் வாக்கியம், "என்ன சார் வேணும்?" அடுத்தது, "பேட்டரி ஹெல்த் ஹண்ட்ரட் சார்." முதலாவதற்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதைக் கேட்டால் கொஞ்சம் உஷாராக வேண்டும்.

என்னை அங்கே இழுத்துப்போனவர் பெரியப்பா. கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவர். 40 பைசா இடித்தால் சங்கத்துச் செயலாளரைச் சாப்பிட விடமாட்டார் என்று பெயர். பேத்தி அமெரிக்காவில் இருக்கிறாள். ஃபேஸ்டைமில்தான் பேசுவேன் என்று அவள் அடம்பிடிக்க, ரீஃபர்பிஷ்டு ஐபோன் ஒன்று போதும் என்று இவர் முடிவு செய்துவிட்டார். புதிதாக வாங்கலாமே என்றேன். "அந்தக் காசுல ஒரு தடவை நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துருவேன்டா" என்றார். அமெரிக்க டிக்கெட் விலை அவருக்குத் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

கடைப் பையன் எடுத்துவைத்தது ஐபோன் 12. கறுப்பு, 128 ஜிபி, விலை 19,500. கீறல் இல்லை, தூசி இல்லை. "மின்ட் கண்டிஷன் அண்ணே. கம்பெனி ரீஃபர்பிஷ்டு. ஹெல்த் ஹண்ட்ரட்." திரையைத் திருப்பிக் காட்டினான். Battery Health பக்கத்தில் 100% என்று அழகாக நின்றது.

பெரியப்பாவின் புருவம் ஏறியது. தணிக்கை வாழ்க்கையில் அவர் அதிகம் சந்தேகப்பட்டது பற்றாக்குறை காட்டிய கணக்குகளை அல்ல, ஒரு பைசா குறையாமல் இருந்த கணக்குகளைத்தான்.

அவருடைய மூக்கு சரியாகவே மோப்பம் பிடித்திருந்தது. ஐபோன் 12 வெளிவந்தது 2020 அக்டோபரில். 14 வரைக்குமான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு, 500 முழு சைக்கிள் ஓடினால் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வரும் என்பது. சைக்கிள் என்றால் மொத்தமாக நூறு சதவீதச் சார்ஜைச் செலவழிப்பது. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று தீர்த்தால் இரண்டு நாளில் ஒரு சைக்கிள். சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கே வருடத்துக்கு நூற்றுக்கு மேல் ஓடிவிடும். அப்படியானால் நாலைந்து வருடம் கைமாறிக் கைமாறி உழைத்த போன் 75, 80-க்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அது நூறு காட்டுவது, அறுபது வயது கதாநாயகன் நோட்டுப் புத்தகத்தோடு கல்லூரி வாசலில் நிற்பதைப் போல. மேக்கப்மேன் யார் என்பதுதான் கேள்வி.

வாங்கியவர் பூஜை அறையில் வைத்துப் பூப் போட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் நூறு நிற்காது. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல வயதாகிவிடும். ஆகவே நேர்மையாக நூறு காட்ட ஒரே வழி, பேட்டரியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றியிருந்தால் போனே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். Settings-க்குள் General, அதற்குள் About. iOS 15.2 முதல் அங்கே Parts and Service History என்று ஒரு பகுதி தோன்றும், ஆனால் பழுது பார்த்த போன்களில் மட்டும். ஆப்பிள் பேட்டரியை முறையாகப் போட்டிருந்தால் அசல் என்று எழுதியிருக்கும். தெருவில் வாங்கிச் செருகியிருந்தால் Unknown Part என்று வரும்.

பையனிடமிருந்து போனை வாங்கி About பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பகுதியே இல்லை. அதாவது, இந்தப் போனை யாரும் தொட்டதே இல்லை. ஆனால் பேட்டரி நூறு. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது.

"தம்பி, பேட்டரி மாத்தினீங்களா?" என்று பெரியப்பா கேட்டார்.

"இல்லீங்க ஐயா, ஒரிஜினல் பேட்டரி."

"ஒரிஜினல்னா எப்படிப்பா நூறு?"

"நல்லா வச்சிருந்தாங்க ஐயா."

நடப்பது என்னவென்றால், பேட்டரியின் தலையில் ஒரு விரல்நகம் அளவுக்குச் சின்ன போர்டு இருக்கிறது. சைக்கிள் எத்தனை, கொள்ளளவு எவ்வளவு என்பதெல்லாம் அதிலுள்ள சிப்பில் பதிவாகிறது. XS, XR மாடல்களிலிருந்து அந்தச் சிப்பைப் போனின் போர்டு அடையாளம் வைத்துக்கொள்ளும். வேறு சிப் வந்தால் Unknown Part என்று சொல்லிவிடும். அதனால் சர்வீஸ் மேசையில் பழைய போர்டைப் பிய்த்தெடுத்து, வெளியில் வாங்கிய செல்லில் ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டுகிறார்கள். பிறகு ஒரு புரோகிராமரில் மாட்டி, சைக்கிளைப் பூஜ்யமாக்கி, ஹெல்த்தை நூறாக எழுதிவிடுகிறார்கள். போன் பழைய சிப்பையே பார்க்கிறது, சந்தோஷமாக நூறு காட்டுகிறது. ஒட்டிய செல் தரமானதாக இருந்தால்கூட ஒருவழியாகச் சமாளிக்கலாம். செல்லை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றியிருந்தால்தான் வம்பு. பழைய பேட்டரியும் புது மார்க்குமாகப் போன் வீட்டுக்கு வரும். சில வாரத்தில் போன் தன் கணக்கை மறுபடி போட ஆரம்பித்ததும் அந்த நூறு சறுக்கத் தொடங்கும்.

எண்ணைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்றால் செல்லைத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கடையிலேயே ஒரு சோதனை உண்டு. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, கேமராவில் 4K வீடியோவைப் பதிவு செய்தபடியே கால் மணி நேரம் விடுவது. ஓரளவு நல்ல பேட்டரி என்றால் ஐந்தாறு சதவீதம் இறங்கும், போன் வெதுவெதுப்பாகும். அவ்வளவுதான். பெரியப்பா எதிர்க்கடையில் நடந்த ஒரு கீபோர்டு பேரத்தைச் சிரத்தையாகப் பதிவு செய்தார். ஆரம்பத்தில் 64. கீபோர்டு பேரம் 50 ரூபாயில் முறிந்தபோது 49. பின்பக்கம் தோசை வார்க்கிற பதத்துக்கு வந்திருந்தது. இறங்கிய விதமும் சரியில்லை. 58-லிருந்து 57, 56 என்று படி இறங்காமல், ஒரேயடியாக 54-க்குக் குதித்தது. செல் தளர்ந்திருக்கிறது, சிப் சொன்ன கணக்கு உடைந்துபோகிறது என்பதற்கு அந்தக் குதிப்புதான் அடையாளம்.

"வெயில்ண்ணே" என்றான் பையன். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பெனி ரீஃபர்பிஷ்டு" என்ற பேச்சுக்கும் About பக்கத்திலேயே பதில் இருக்கிறது. Model Number-இன் முதல் எழுத்து F என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது. M என்றால் கடையில் புதிதாக விற்றது. N என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. இதில் M. அதனால் போன் மோசம் என்று அர்த்தமில்லை. யாரோ பயன்படுத்திய செகண்ட்ஸ் போனைத் தெருவிலேயே துடைத்து மெருகேற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. ரீஃபர்பிஷ்டு என்பதற்கு இந்தத் தெருவில் பாதி நேரம் அதுதான் பொருள்.

கீறலே இல்லாத உடம்புக்கும் காரணம் கிடைத்தது. சிம் ட்ரேயை வெளியே எடுத்தேன். ஐபோன் 12-இல் அந்தத் தட்டின் அடியிலேயே 15 இலக்க ஐஎம்இஐ எண் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். *#06# போட்டால் திரையிலும் அதே எண் வர வேண்டும். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பிரியாமல் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தட்டைக் கட்டைவிரல் நுனியில் நிறுத்தி, வெளிச்சம் படும்படி சாய்த்து, இலக்கம் இலக்கமாக உரக்கப் படித்தார். நான் திரையில் டிக் அடித்தேன். எட்டாவது இலக்கம் வரைக்கும் கச்சேரி சுகமாகப் போனது. ஒன்பதாவதில் அவர் ஏழு என்றார், எனக்கு இரண்டு.

தட்டு வேறு போனுடையது. வெளிக்கூட்டையே மாற்றியிருக்கலாம், அல்லது தொலைந்த தட்டுக்குப் பதில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கலாம். எதுவானாலும் அந்த மின்ட் கண்டிஷன் இந்தப் போன் பிறந்தபோது வந்ததல்ல. பெரியப்பா பூதக்கண்ணாடியை மடித்துவைத்தார். அவர் முகத்தில் அவ்வளவு ஆனந்தத்தை நான் அவருடைய அறுபதாம் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

பையன் நல்லவன். கல்லாவில் இருந்த ஓனரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழ் டிராயரிலிருந்து இன்னொரு ஐபோன் 12-ஐ எடுத்தான். மூலையில் அடிபட்ட தழும்பு, முதுகில் கீறல். "இது அவ்வளவா ஓடாதுண்ணே, ஹெல்த் 82-தான்" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில். விலை 18,000. About பக்கத்தில் பழுதுக் கணக்கு எதுவுமில்லை, 82-க்கு அது பொருந்துகிறது. தட்டும் திரையும் 15 இலக்கமும் ஒத்துப்போயின. கால் மணி நேர வீடியோவுக்கு ஏழு சதவீதம் இறங்கியது, படிப்படியாக. திருட்டுப் போனா என்று பார்க்க KYM என்று போட்டு, ஒரு இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணை எழுதி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். தொலைத்தொடர்புத் துறையின் பதிவிலிருந்து மாடல் பெயர் சரியாக வந்தது, தடை எதுவும் இல்லை. போனை முழுதாக அழித்து, பெரியப்பாவின் ஐடியைப் போட்டு அங்கேயே திறக்கச் சொன்னேன். பழைய ஆளின் கடவுச்சொல் கேட்டால் அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டுதான். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாரண்டி. இங்கேதான் பெரியப்பா நிஜமாக உட்கார்ந்தார்.

ஓனர் விசிட்டிங் கார்டின் முதுகில் ‘6 மாத வாரண்டி’ என்று எழுதி நீட்டினார்.

"எதுக்கு வாரண்டி?"

"எல்லாத்துக்கும் சார். டிஸ்ப்ளே, பேட்டரி, டச், தண்ணி, கீழ விழுறது மட்டும் வராது."

"மிச்சம் என்ன இருக்கு?"

ஓனர் யோசித்தார். "மதர்போர்டு சார்."

"அது போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பாத்து செய்வோம் சார்."

"‘பாத்து செய்வோம்’னு ஒரு கணக்குத் தலைப்பே கிடையாதுப்பா" என்றார் பெரியப்பா. பில் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில், அதில் ஐஎம்இஐ எண், ஏழு நாளுக்குள் கோளாறு என்றால் வேறு போன் அல்லது பணம். இவை மூன்றும் ஓனருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. நான்காவதுதான் இழுபறி. மூன்று மாதத்துக்குள் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே போனால் இலவசமாக மாற்றித்தர வேண்டும். ஓனர் முடியாது என்றார். பெரியப்பா நூறு காட்டிய முதல் போனை எடுத்து, "இதைப் பத்தி ஒரு தடவை பேசலாமா?" என்று கேட்டார். அப்போது கடைக்குள் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஓனர் வேகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் வைத்தார்.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. பேத்தியுடன் பேசுகிறார். ஆனால் போன வாரம் ஹெல்த் 81 ஆகிவிட்டதைக் கவனித்திருக்கிறார். பெரியம்மா போன் செய்து புலம்பினார். "ராத்திரி பூரா வெளிச்சத்தை முழுசா வச்சு கச்சேரியா போட்டுட்டு இருக்காருடா. காலையில சார்ஜ், மறுபடி கச்சேரி. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. காலண்டர்ல எதையோ வட்டம் போட்டு வச்சிருக்காரு."

எனக்குப் புரிந்துவிட்டது. வாரண்டி முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. 79-க்கு இன்னும் இரண்டுதான் பாக்கி.