பத்து வருஷத்தைக் கழிப்பது எப்படி?

கேள்வி: என் தொடர்கதையில் ஒன்பதாம் அத்தியாயத்துக்கும் பத்தாம் அத்தியாயத்துக்கும் இடையே பத்து வருஷங்கள் ஓடிவிடுகின்றன. நாட்காட்டித் தாள்கள் காற்றில் பறப்பதாக எழுதலாமா?

பதில்: அந்த உரிமை சினிமாக்காரர்களுக்கே இருக்கட்டும். வர்ஜீனியா உல்ஃப் அம்மையார், 1927-ல் வெளியான ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலின் மத்திய பாகத்தில் இதே பத்து வருஷங்களைக் கழித்திருக்கிறார்: குழந்தை பயப்படாமலிருக்கும்பொருட்டு முதற்பாகத்தில் தாயானவள் பன்றி மண்டையோட்டின்மீது சுற்றிவைத்த சால்வை, ஆளற்ற வீட்டில் முதலில் ஒரு மடிப்பும் வெகுகாலம் கழித்து மற்றொரு மடிப்பும் நெகிழ்ந்து தொங்கியாட, அந்தத் தாயின் மரணமோ சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. வாசகர் முன்னமே அறிந்த வஸ்து சற்றுச் சிதைந்து மீண்டும் தோன்றுவதனால்தான் காலம் பிரத்தியட்சமாகிறது. சம்பந்தமற்ற சித்திரங்களை வரிசையாக அடுக்கினாலோ, ஏலக்கடைப் பட்டியலைப் படித்த திருப்திதான் மிஞ்சும். பெரிய சம்பவங்களுக்கு அரை வரியும் அற்பப் பொருளுக்கு அரைப் பக்கமும் கொடுக்கும் துணிவு உமக்கு உண்டா? உண்டென்றால், முதலில் ஒன்பதாம் அத்தியாயத்துக்குத் திரும்பிச் சென்று, பழுதாவதற்கு லாயக்கான ஒரு பொருளை அங்கே வைத்துவிட்டு வாரும்.