துண்டுச்சீட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்கு

1998இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு பையருக்கு ஃபேக்ஸ் அனுப்புவதும், அவர்கள் கேட்டதைத் தொழிற்சாலைக்குள் சொல்வதும் என் வேலை. கட்டிங் மாஸ்டரிடமிருந்து தினமும் ஒரு துண்டுச்சீட்டு வரும். பென்சிலில் எழுதியிருப்பார்: "நேவி, எல் சைஸ் 240 பீஸ். நெக் ரிப் பத்தல. கட்டிங் நிறுத்தியிருக்கு."

தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்தச் சீட்டு எனக்கு அலுவலக மொழியாகத் தோன்றவில்லை. நானே ஆங்கிலத்தில் டைப் செய்த தாளை கட்டிங் டேபிளுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ஒருநாள் ரிப் வரும்வரை வெட்ட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். மாஸ்டர் அன்று லீவு. டேபிளில் நின்றவருக்கு அந்தத் தாளில் புரிந்தவை 'கட்டிங்' என்ற சொல்லும் 240 என்ற எண்ணும்தான். மதியத்துக்குள் வெட்டி முடித்துவிட்டார். பிறகு வந்து சேர்ந்த ரிப்பின் நிறம் துணியோடு ஒத்துப்போகவில்லை.

ரிப், பீஸ், லாட், ஜிஎஸ்எம் எல்லாம் அந்த டேபிளின் சொற்கள். அவற்றைத் தமிழாக்கினால் அங்கே யாருக்கும் புரியாது. ஆனால் வெட்டு, வெட்டாதே, நிறுத்து, அனுப்பு என்பவை தமிழில்தான் இருக்க வேண்டும். பொருளின் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தாலும், செய்ய வேண்டிய காரியம் செய்பவரின் மொழியில் இருந்தது. அந்தச் சீட்டின் தெளிவு அதில்தான் இருந்தது.

இது புரிந்தபின் நானும் கலந்து எழுதினேன். ஆனால் அதற்குள் கைபேசி வந்துவிட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டப் பழகினோம். 2015இல் நான் மாஸ்டருக்கு அனுப்பியது இது:

```
PP sample pathu anupunga
```

நான் நினைத்தது 'பாத்து அனுப்புங்க'. பெருமளவில் வெட்டுவதற்கு முன்னால் பையர் ஒப்புதலுக்குப் போகும் சாம்பிள் அது. அளவு, தையல், கழுத்து எல்லாவற்றையும் சரிபார்த்து மூன்று பீஸ் அனுப்ப வேண்டும். மாஸ்டர் படித்தது 'பத்து அனுப்புங்க'. எண்ணிக்கையை எட்டுவதற்காக இரவெல்லாம் தைத்து, செக்கிங்குக்கு நேரமில்லாமல் பத்தையும் அனுப்பிவிட்டார். கழுத்து தொளதொளவென்று இருந்ததால் பையர் ஒப்புதல் தரவில்லை. கட்டிங் முழுவதும் காத்துக் கிடந்தது.

"பத்துன்னுதானுங்களே போட்டிருந்தீங்க, மேடம்?" என்று போனைக் காட்டினார். அவர் படித்ததில் தவறே இல்லை. தமிழ் எழுத்தில் ஒரு துணைக்கால் போதும், இரண்டையும் பிரித்துக்காட்ட. வேணுமும் வேணாமும் அப்படித்தான்: `venum`, `venam`. அவசரத்தில் ஓர் எழுத்து மாறினால் ஒரு லாட்டே போய்விடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொரு செய்தியால் வந்தது. சாயமேறி வந்த துணியைப் பார்த்து எங்கள் குழுவில் நான் போட்டது:

```
Lot 3 light ah dark
```

நமக்கு 'லைட்டா' என்றால் கொஞ்சம். லாட் 3 கொஞ்சம் அடர்த்தி என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் புரிந்தது. யாரோ அதை அப்படியே பையரின் தரப்பரிசோதகருக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழ் தெரியாத அவர் 'light' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, நிறம் குறைகிறது, ஏற்றுங்கள் என்று பதில் போட்டார். இரவு ஷிஃப்டில் இருந்தவர் அதைச் சாயப்பட்டறைக்குச் சொல்லிவிட்டார். வெளிறிய துணிக்கு டாப்பிங் போட்டு நிறம் ஏற்றுவது எளிது. ஏறிய சாயத்தை இறக்குவது அப்படியல்ல, துணியும் நலியும். ஏற்கெனவே அடர்த்தியாக இருந்த அந்த லாட் கடைசியில் கருப்புச் சாயத்துக்குப் போனது.

பணத்தைவிட என்னை உறுத்தியது பையரின் அடுத்த மின்னஞ்சல். உங்கள் அறிக்கைகளை யாராவது சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறீர்களா என்று கேட்டிருந்தார். பல வருஷம் சேர்த்த நம்பிக்கை அது. குழுவுக்குள் ஐந்து பேர் பேசிக்கொள்ளும் மொழி வெளியே போனதும், அவருக்கு எங்கள் அக்கறையின்மையாகத்தான் தெரிந்தது. அவர் கேட்டது நியாயம்தான்.

அதன்பின் வெளியே போகிற செய்தியில் ஒரு தமிழ்ச் சொல்கூட நான் விடுவதில்லை:

```
Lot 3: slightly darker than approved swatch, checked under D65
```

எந்த மாதிரியோடு ஒப்பிட்டோம், எந்த விளக்கொளியில் பார்த்தோம் என்பதும் இதிலேயே வந்துவிடும். அதே விஷயம் சாயப்பட்டறைக்குத் தமிழ் எழுத்தில் போகும்: "லாட் 3 கொஞ்சம் டார்க். டாப்பிங் போடாதீங்க." ஒன்றையே இரண்டு முறை எழுத வேண்டும். கூடுதலாக இரண்டு நிமிஷம் ஆகும்.

பழைய மாஸ்டர் ஓய்வுபெற்றுவிட்டார். அவரிடம் வேலை பழகிய பையன்தான் இப்போது மாஸ்டர். போனில் தமிழ் கீபோர்டு வைத்திருக்கிறார். போன வாரம் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "நேவி எல் 180 பீஸ். ரிப் பத்தலைங். கட்டிங் நிறுத்திட்டேன்."