யாருக்கும் விளங்காத நன்கொடை ரசீது எழுதுவது எப்படி?

செட்டியார்பட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தரும் ஒரு சிறு அறக்கட்டளைக்கு நீங்கள் பொருளாளர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊரில் படித்து இப்போது திருப்பூரில் தொழில் செய்யும் ஒருவர், 2025 மார்ச் 30 அன்று 5,001 ரூபாயை உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறார். ‘நோட்டுக்கு மட்டும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் அனுப்புகிறார். இவ்வளவு தெளிவாக வந்த பணத்தைக் கலங்கடிப்பது சுலபமில்லை. ஆனாலும் முடியும்.

முதலில் நன்றியை நீளமாகத் தொடங்குங்கள். ‘கொடை வள்ளல்’, ‘தயாள குணம்’, ‘ஏழை எளியோர் வாழ்வில் ஒளி’ என்று மூன்றையும் போட்டு முடிப்பதற்குள் பாதித் தாள் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் ஓரத்தில் ‘தாங்கள் அனுப்பிய தொகை கிடைத்தது’ என்றால் போதும். எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியுமே! எண் போட்டே ஆகவேண்டும் என்று யாராவது மல்லுக்கு நின்றால், 5,000 என்று போடுங்கள். மொய் எழுதிப் பழகிய கை ஒரு ரூபாயைச் சேர்த்து அனுப்பியிருக்கிறது, அதைப் போய் எழுதுவார்களா? வங்கிக் கணக்கில் 5,001, ரசீதில் 5,000. ஆடிட்டர் அந்த ஒரு ரூபாயைத் தேடட்டும். எழுத்தால் எழுதவும் வேண்டாம். ‘ஐயாயிரத்து ஒன்று மட்டும்’ என்று எழுதிவிட்டால், எண்ணுக்கு முன்னால் ஒரு ‘1’ சேர்த்துப் பதினைந்தாயிரம் ஆக்க நினைப்பவருக்கு வழியடைத்த பாவம் உங்களைச் சேரும்.

தேதிக்கு அவசரமே இல்லை. ஏப்ரல் 4ஆம் தேதி சாவகாசமாக உட்கார்ந்து, அன்றைய தேதியையே போடுங்கள். பணம் ஒரு நிதியாண்டில், ரசீது அடுத்த நிதியாண்டில். எந்த ஆண்டுக் கணக்கில் காட்டுவது என்று கொடுத்தவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

நோக்கம் என்ற இடத்தில் ‘அறப்பணிகளுக்காக’ என்று எழுதுவது சகலரோக நிவாரணி. நோட்டும் அறப்பணி, ஆண்டு விழாப் பந்தலும் அறப்பணி. இன்னும் துணிச்சல் இருந்தால் ‘மூலநிதி’ என்று போடலாம். கொடுப்பவரே குறிப்பாகச் சொன்னால்தான் அது மூலநிதி. அதைத் தனியே முதலீடு செய்து வைக்கவேண்டும். நோட்டு வாங்கச் சொன்னவரின் பணம் வைப்புநிதியில் தூங்கும், பிள்ளைகள் பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவார்கள்.

அடுத்து, எல்லா ரசீதிலும் ‘80ஜி வரிச்சலுகை உண்டு’ என்று பெரிய எழுத்தில் முத்திரை குத்துங்கள். உங்களுக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமலே குத்தலாம். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது, அவருக்கும் குத்துங்கள். தளவாய்புரத்து நைட்டி இரண்டு கட்டு கொடுத்தவருக்கும் கிடையாது, பொருளுக்கு 80ஜி இல்லை; அவருக்கு ‘மதிப்பு ரூ. 20,000’ என்று சேர்த்துக் குத்துங்கள். எத்தனை உருப்படி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எண்ணிப் பார்த்துவிடுவார்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் இந்தக் கழிவு இல்லை என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும்.

முத்திரையோடு கடமை முடிந்தது என்று நம்புவதுதான் இதில் உச்சம். 2021-22 கணக்கிலிருந்தே ரசீது மட்டும் போதாது. கொடுத்தவரின் பான் எண், தொகை, எந்த வகை, எந்த வழி என்று எல்லாவற்றையும் 10பிடி படிவத்தில் மே 31க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து 10பிஇ சான்றை இறக்கிக் கொடுக்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ரசீதில் ‘நம்ம ராசா தம்பி’ என்று பெயர் எழுதியிருந்தால் அந்தப் படிவத்தை நிரப்பும் நாள் மிகச் சுவாரசியமாகக் கழியும்.

ரெவின்யூ ஸ்டாம்ப்? ஐயாயிரத்துக்கு மேல் போனால் ரசீதில் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் என்பது விதி. நம்மவர் சரியாக ஒரு ரூபாய் தாண்டியிருக்கிறார். ஆனால் பிரதிபலன் இல்லாமல் கொடுக்கும் பணத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஒட்டினால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், அவ்வளவே.

இவ்வளவு சொல்லியும் தெளிவாகத்தான் எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இப்படி எழுதிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளலாம்:

‘ரசீது எண் 47. பணம் வந்த நாள் 30.3.2025. பெயரும் எண்ணும் பான் அட்டையில் உள்ளபடி. ரூ. 5,001 (ரூபாய் ஐயாயிரத்து ஒன்று மட்டும்), வங்கி வழியாக. நோக்கம்: பள்ளி நோட்டு. மூலநிதி அல்ல.

அண்ணாச்சி, நோட்டுக்கு நீங்கள் அனுப்பிய 5,001 ரூபாய் வந்து சேர்ந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வாங்கிக் கொடுத்துவிட்டு, கடை பில்லை அனுப்புகிறோம். 10பிஇ சான்று மே 31க்குள் வந்துவிடும். ரொம்ப நன்றி.’

‘கொடை வள்ளல் எங்கே?’ என்று தலைவர் கோபிப்பார். ஆண்டு விழா நோட்டீஸில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதில் யாரும் தொகையைத் தேடமாட்டார்கள்.